டேக் ரீட் ஆகலைன்னா டோல் கட்டாம போகலாமா?

பாலாறு பாலா · 6 டிசம்பர் 2025, இரவு 9.40

நேரா விஷயத்துக்கு வரேன். ஃபாஸ்டேக்ல பணம் இருக்கு. கண்ணாடியில ஒழுங்கா ஒட்டியிருக்கு. அவங்க மெஷின் படிக்கல. அப்ப காசு கட்டாம போறதுதானே சட்டம்? 2018 மே மாசம் மத்திய அரசிதழ்ல அப்படித்தான் வந்திருக்கு.

இன்னைக்கு மதியம் சென்னையில இருந்து திரும்பும்போது ஒரு டோல்ல (பேரு வேண்டாம்) லேன்ல போய் நின்னேன். சிவப்பு விளக்கு அப்படியே இருக்கு, கேட் தூக்கல. பூத்ல இருந்த பையன் "டேக் வேலை செய்யல சார், கேஷ்னா 160, யுபிஐன்னா 100"ன்னான். கார் கட்டணம் அங்க 80. நான் 2018 விதியைச் சொன்னேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். அவரும் அதையே சொன்னார். பின்னாடி ஒரே ஹாரன். 100 ரூபாயை யுபிஐல கட்டிட்டு வந்துட்டேன். ரசீது இருக்கு.

என் பக்கம் நியாயம் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

ஓய்வு கணக்கர் · 6 டிசம்பர், இரவு 10.15

முழு நியாயமும் தங்கள் பக்கமே. செல்லத்தக்க, இயங்கும் நிலையிலுள்ள டேக், போதிய இருப்பு, இவை இருந்தும் சுங்கச்சாவடிக் கருவி பழுதால் கட்டணம் எடுக்க முடியாவிட்டால் வாகனத்தைக் கட்டணமின்றி விட வேண்டும். பூஜ்ய ரூபாய் ரசீதும் கட்டாயம் தர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வரிசை 100 மீட்டரைத் தாண்டி மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றாலும் இலவசம். இரண்டையும் அச்சிட்டு வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

ஈரோடு லோடு · 6 டிசம்பர், இரவு 11.02

அச்சடிச்சு வெச்சுக்கலாம் சார். நடு ராத்திரி தூக்கக் கலக்கத்துல பூத்ல உக்காந்திருக்கற பையன் அதைப் படிக்கோணுமே.

தம்பி, கேட் தூக்கலைன்னா மொதல்ல ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. ரிவர்ஸ் எடுக்காதீங்க. பின்னாடி நிக்கறது லாரியா இருந்தா உங்க வண்டி அவன் கண்ணாடியிலயே தெரியாது. ஆள் வந்து ஓரங்கட்டச் சொன்னா ஓரங்கட்டுங்க, அங்க நின்னு சட்டம் பேசுங்க. லேனை மறிச்சுட்டுப் பேசினா உங்க மேல தப்பே இல்லாட்டியும் அத்தனை பேரும் உங்களைத்தான் திட்டுவாங்க.

லேன்மேன் · 7 டிசம்பர், காலை 6.50

முன்னாடி ஒரு டோல்ல ஷிப்ட் சூப்பர்வைசரா இருந்தேன். இப்ப வேற வேலை. அதனால ரெண்டு பக்கமும் சொல்லலாம்.

பாலா, 2018 விதி உயிரோடதான் இருக்கு. ஆனா அது "ரீட் ஆகலைன்னா இலவசம்"னு சொல்லல. பழுது டோல் பக்கம் இருந்தா இலவசம்னு சொல்லுது. பழுது டேக்லயோ கணக்குலயோ இருந்தா, 2025 நவம்பர் 15ல வந்த மாத்தம் பொருந்தும். செல்லுபடியாகாத டேக்கோட வந்தா கேஷ்ல ரெண்டு மடங்கு, யுபிஐல ஒண்ணேகால் மடங்கு. 80க்கு 160, 100. பையன் கணக்கைச் சரியாத்தான் சொல்லியிருக்கான். பழுது யார் பக்கம்னு முடிவு பண்ணாமலே சொன்னதுதான் பிரச்சினை.

அதனால நாலு கேள்வி. உங்களுக்கு முன்னாடி போன வண்டிக்கும் பின்னாடி வந்த வண்டிக்கும் அதே லேன்ல டேக் படிச்சுதா? கையில பிடிக்கிற ஸ்கேனர் கொண்டு வந்தாங்களா? லேன் ஓரத்துல இருக்கற போர்டுல ஏதாவது எழுத்து வந்ததா, இல்ல வெறுமனே இருந்ததா? அதுக்கு முந்தின டோல்லயும் அடுத்த டோல்லயும் பணம் பிடிச்சு எஸ்எம்எஸ் வந்ததா?

மூணாவது கேள்விதான் முக்கியம். போர்டுல `LOW BALANCE`, `BLACKLISTED` மாதிரி ஏதாவது வந்திருந்தா ரீடர் டேக்கைப் படிச்சிருச்சுன்னு அர்த்தம். படிச்ச பிறகு கணக்கு நிலையைப் பாத்துத்தான் மறுத்திருக்கு. அப்ப 2018 விதியைப் பேசவே முடியாது. எதுவுமே வரலைன்னா ரீடருக்கு டேக் தெரியவே இல்ல. அப்பத்தான் யார் பழுதுங்கற கேள்வியே வரும்.

கணக்கர் சார், மஞ்சள் கோடு 2021ல வந்தது. 2024ல அதைத் திரும்பப் பெற்றாச்சு. அந்தக் காகிதத்தை வண்டியில இருந்து எடுத்துடுங்க.

ஓய்வு கணக்கர் · 7 டிசம்பர், காலை 8.20

திரும்பப் பெற்றது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் கோடு இன்னும் பல சாவடிகளில் அழியாமல் இருக்கிறதே?

லேன்மேன் · 7 டிசம்பர், காலை 8.31

கோடு போட டெண்டர் உண்டு சார். அழிக்க டெண்டர் இல்ல.

பாலாறு பாலா · 7 டிசம்பர், காலை 10.05

முன்னாடி போன கார் நிக்காமலே போச்சு. பின்னாடி வந்தவரு என்னைத் திட்டிட்டு வேற லேனுக்குப் போயிட்டார். போர்டுல எதுவும் வரல. ஸ்கேனர் கேட்டேன், கொண்டு வந்தாங்க, ஆனா ஆன் ஆகல. சார்ஜ் இல்லையாம். முந்தின டோல்லயும் பிடிச்சிருக்கு, அடுத்த டோல்லயும் பிடிச்சிருக்கு. ரெண்டு எஸ்எம்எஸ்சும் இருக்கு.

லேன்மேன் · 7 டிசம்பர், மதியம் 1.40

அப்ப உங்க கேஸ் நடுவுல நிக்குது. ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு.

டோல்காரன் என்ன சொல்வான்? "முன்னாடி போன வண்டியைப் படிச்ச ரீடர் நல்லாத்தான் இருக்கு, உன் டேக்தான் பலவீனம்"பான். அதுல கொஞ்சம் உண்மை இருக்கலாம். டேக்ல பேட்டரி கிடையாது. மேல கூரையில இருக்கற ஆண்டெனா அனுப்பற அலையை வாங்கி, அந்தச் சக்தியிலேயே பதில் சொல்லும். கண்ணாடியில வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு இருந்தா அலை பாதி அங்கேயே நின்னுடும். அந்த மாதிரிக் கண்ணாடியில நடுக் கண்ணாடிக்குப் பின்னால புள்ளி புள்ளியா ஒரு இடம் இருக்கும், பூச்சு இல்லாம விட்டிருப்பாங்க. டேக்கை அங்க ஒட்டணும். அதை விட்டு ஒரு ஜாண் தள்ளி ஒட்டியிருந்தா, ஆண்டெனா நல்ல கோணத்துல இருக்கற டோல்ல படிக்கும், கொஞ்சம் திரும்பியிருக்கற டோல்ல படிக்காது. ஒரு தடவை உரிச்சு மறுபடி ஒட்டின டேக்கும் இப்படித்தான். உள்ள இருக்கற ஆண்டெனாக் கம்பி உரிக்கும்போது அறுபடற மாதிரிதான் செஞ்சிருக்காங்க.

ஆனா உங்க பக்க வாதம் பலமானது. ரீடருக்குத் தெரியலைன்னா அடுத்தது கைஸ்கேனர். அதுல படிச்சிருந்தா சாதாரண 80 ரூபாய் டேக்ல போயிருக்கும், சண்டையே இல்ல. அதுலயும் படிக்கலைன்னா டேக் பழுதுன்னு அவங்க சொல்ல ஒரு ஆதாரம் கிடைச்சிருக்கும். ஸ்கேனருக்குச் சார்ஜ் இல்லாதது அவங்க குறை. சோதிச்சுப் பாக்காமலே உங்க டேக் செல்லாதுன்னு சொல்லியிருக்காங்க. முந்தின டோல், அடுத்த டோல் எஸ்எம்எஸ் ரெண்டும் டேக் இயங்குதுன்னு காட்டுது. 1033க்குப் போன் போட்டுப் புகார் பதிவு பண்ணுங்க. ரசீதுல இருக்கற லேன் எண், நேரம், ரெண்டு எஸ்எம்எஸ் நேரம், ஸ்கேனர் வேலை செய்யலங்கறது, இவ்வளவும் சொல்லுங்க. "அநியாயம், கொள்ளை"ன்னு சொன்னா அவங்களால அதை எந்தக் கட்டத்துலயும் போட முடியாது.

பாண்டி ரவுண்டு · 7 டிசம்பர், மாலை 5.12

எனக்கும் இதே பிரச்சினை. ஆகஸ்ட்ல 3000 ரூபா ஆண்டுப் பாஸ் போட்டேன். 200 ட்ரிப்ல இன்னும் பாதிக்கு மேல பாக்கி. ஆனா ஈசிஆர்ல போனா காசு பிடிக்கிறான். டேக் ஃபெயிலா, பாஸ் ஃபெயிலா?

லேன்மேன் · 7 டிசம்பர், மாலை 5.30

எதுவும் ஃபெயில் இல்ல. பாஸ் தேசிய நெடுஞ்சாலைக்கும் தேசிய விரைவுச்சாலைக்கும் மட்டும். உங்ககிட்ட காசு பிடிச்சது மாநில அரசு நிறுவனத்தோட டோல். அங்க உங்க டேக் சாதா டேக்தான். அதனால பாஸ் இருந்தாலும் வாலெட்ல கொஞ்சம் பணம் வெச்சுக்கங்க. இல்லாட்டி அங்க போய் `LOW BALANCE` பாப்பீங்க.

பாண்டி ரவுண்டு · 7 டிசம்பர், மாலை 5.33

இதை விக்கும்போது ஒருத்தனும் சொல்லல.

ஓய்வு கணக்கர் · 8 டிசம்பர், காலை 7.45

இருப்பு பற்றிப் பேச்சு வந்ததால் ஓர் எச்சரிக்கை. 2025 பிப்ரவரி 17 முதல், சாவடிக்கு வருவதற்கு 60 நிமிடத்துக்கு முன்பே ரீசார்ஜ் செய்திருக்க வேண்டும். வரிசையில் நின்றுகொண்டு ரீசார்ஜ் செய்தால் பரிவர்த்தனை நிராகரிக்கப்படும், இரு மடங்கு கட்ட வேண்டும். என்பிசிஐ சுற்றறிக்கை, பிழைக் குறியீடு 176.

ஈரோடு லோடு · 8 டிசம்பர், காலை 9.10

அப்படியா? நான் டோலுக்கு அர கிலோமீட்டர் முன்னாடி ஓரத்துல நிறுத்தி ரீசார்ஜ் போட்டு, ஒரு டீயக் குடிச்சுட்டு எடுப்பேன். ஒரு நாளும் நின்னதில்ல.

லேன்மேன் · 8 டிசம்பர், காலை 11.25

கணக்கர் சார், சுற்றறிக்கையும் எண்ணும் சரி. படிச்ச விதம்தான் இடிக்குது.

அதுல சொல்லியிருக்கறது இது. டேக் படிக்கறதுக்கு 60 நிமிடம் முன்னாடி இருந்தே கறுப்புப் பட்டியல்லயோ குறைந்த இருப்புலயோ இருந்து, படிச்ச பிறகு 10 நிமிடம் ஆகியும் அப்படியே இருந்தா, அந்தப் பரிவர்த்தனை மறுக்கப்படும். ரெண்டும் சேர்ந்து இருக்கணும். இடையில ரீசார்ஜ் போட்டு நிலை மாறிட்டா அந்த விதிக்குள்ள நீங்க வரவே மாட்டீங்க. இன்னொண்ணு, இது டோல் பக்கத்து வங்கிக்கும் டேக் கொடுத்த வங்கிக்கும் இடையில "நஷ்டம் யாருக்கு"ங்கற கணக்குக்காக வந்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையமே அப்ப விளக்கம் கொடுத்துச்சு. தேசிய நெடுஞ்சாலை டோல்ல டேக் நிலையை அந்த நேரமே கேட்டுப் பாக்கற முறை இருக்கு, டோலைத் தாண்டறதுக்கு முன்னாடி எப்ப வேணாலும் ரீசார்ஜ் பண்ணலாம்னு.

ஆனா சில மாநில நெடுஞ்சாலை டோல்ல பழைய முறை. குறைந்த இருப்பு டேக் பட்டியலை அப்பப்ப இறக்கி வெச்சு, அதைப் பாத்துத்தான் கேட் தூக்குவாங்க. அங்க நீங்க இப்ப போட்ட பணம் பட்டியல்ல ஏற நேரமாகும். ஈரோட்டு அண்ணன் டீ அங்க பத்தாது, சாப்பாடே சாப்பிடணும்.

வைகைக்கரை · 9 டிசம்பர், இரவு 8.15

புதுசா வந்திருக்கேன். இந்த இழையைப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு.

போன வருஷம் பழைய கார் ஒண்ணு வாங்கினோம். ஆர்சி என் பேருக்கு மாத்தினதும் புது டேக் வாங்கி ஒட்டினேன். மதுரையில இருந்து திருநெல்வேலி போற வழியில ஒரு டோல்ல சரியாப் போகுது. ஒரு டோல்ல `BLACKLISTED`னு வருது. திரும்பி வரும்போது அதே டோல்ல போயிடுது, வேற ஒண்ணுல மாட்டுது. ஆப்ல பாத்தா டேக் ஆக்டிவ், 900 ரூபாய்க்கு மேல இருக்கு. வங்கிக்குப் போன் பண்ணினா "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்". டோல்ல கேட்டா "பேங்க்ல கேளுங்க". கட்டணமும் ஒண்ணேகால் மடங்கு கட்டியாச்சு பல தடவை. வீட்டுக்காரர் "வண்டியே ராசி இல்ல"ங்கறார்.

ஓய்வு கணக்கர் · 9 டிசம்பர், இரவு 8.50

கேஒய்சி முடிக்கவில்லை. அதுதான் காரணம். உடனே முடியுங்கள்.

லேன்மேன் · 9 டிசம்பர், இரவு 9.05

கேஒய்சி குறையா இருந்தா எல்லா டோல்லயும் மாட்டணும். ஒண்ணுல போயி ஒண்ணுல நிக்காது.

அம்மா, பழைய ஓனர் ஒட்டியிருந்த டேக்கை என்ன செஞ்சீங்க?

வைகைக்கரை · 9 டிசம்பர், இரவு 9.20

அப்படி ஒண்ணு இருந்த மாதிரி தெரியல. டிரைவர் சீட்ல இருந்து பாத்தா என்னோட டேக் மட்டும்தான் இருக்கு.

லேன்மேன் · 9 டிசம்பர், இரவு 9.32

வெளிய வந்து, வண்டிக்கு முன்னாடி நின்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. நடுக் கண்ணாடியோட அடிக்கட்டைக்குப் பின்னால, மேல கறுப்புப் பட்டை இருக்கற இடத்துல. டேஷ்கேம் இருந்தா அதுக்குப் பின்னாலயும்.

அதோட என்பிசிஐ தளத்துல டேக் நிலை பாக்கற பக்கம் இருக்கு. அதுல வண்டி எண்ணைப் போடுங்க. உங்க வங்கி ஆப் உங்க டேக்கை மட்டும்தான் காட்டும். அந்தப் பக்கம் அந்த வண்டி எண்ணுக்கு எத்தனை டேக் கொடுத்திருக்காங்களோ அத்தனையும் காட்டும்.

வைகைக்கரை · 10 டிசம்பர், காலை 7.10

இருக்கு!! கறுப்புப் பட்டைக்குப் பின்னால, டேஷ்கேம் தாங்கி அதுக்கு மேலயே ஒட்டியிருக்கு. உள்ள இருந்து பாத்தா தாங்கி மட்டும்தான் தெரியும். தளத்துலயும் ரெண்டு டேக் வருது. ஒண்ணு என்னோடது, இன்னொண்ணு வேற வங்கி, நிலை சரியில்லன்னு காட்டுது.

லேன்மேன் · 10 டிசம்பர், காலை 8.00

அதான். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான். நீங்க புதுசு வாங்கினதும் பழசு கறுப்புப் பட்டியலுக்குப் போயிருச்சு. ஆனா பழைய ஸ்டிக்கர் சாகல. ஆண்டெனா கேட்டா ரெண்டும் பதில் சொல்லும். எது முதல்ல காதுல விழுதோ அதை லேன் கம்ப்யூட்டர் எடுத்துக்கும். ஒரு டோல்ல கோணம் உங்க டேக்குக்குச் சாதகம், இன்னொண்ணுல பழசுக்குச் சாதகம். கொஞ்சம் வேகமா நுழைஞ்சாலும் மாறும். போகும்போது ஒண்ணு வரும்போது ஒண்ணுன்னு ஆனது அதனாலதான். ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற லேன், வேற வேற ஆண்டெனா.

உங்க வங்கி சொன்னதும் சரி, டோல் சொன்னதும் சரி. ரெண்டு பேரும் வேற வேற டேக்கைப் பத்திப் பேசியிருக்காங்க. ரசீதோ டோல் கம்ப்யூட்டரோ காட்டின டேக் எண்ணை உங்க ஆப்ல இருக்கற எண்ணோட ஒப்பிட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

பழசை உரிச்சு குப்பையில போடறதுக்கு முன்னாடி நடுவுல கத்தரிக்கோலால ரெண்டா வெட்டிடுங்க. உரிச்சு டாஷ்போர்டு டப்பாவுல போட்டு வைக்காதீங்க, பாதி உயிரோட இருந்தா அங்க இருந்தும் பதில் சொல்லும்.

வைகைக்கரை · 10 டிசம்பர், காலை 8.14

வெட்டியாச்சு. ரொம்ப நன்றி அண்ணா. கட்டின அதிகப்படி காசு வருமா?

லேன்மேன் · 10 டிசம்பர், காலை 8.20

வராது. அவங்க ரீடர் படிச்சது செல்லாத டேக்கை. படிச்சது சரியாத்தான் படிச்சிருக்கு.

பாண்டி ரவுண்டு · 10 டிசம்பர், காலை 9.45

அப்ப டேக்கை ஒட்டாம கையில வெச்சுக்கிட்டு டோல் வரும்போது மட்டும் காட்டினா இந்தத் தொல்லையே இல்லையே? என் மச்சான் அப்படித்தான் செய்யறான். ரெண்டு வண்டிக்கு ஒரே டேக்.

லேன்மேன் · 10 டிசம்பர், காலை 10.10

மச்சானை நிறுத்தச் சொல்லுங்க. கையில பிடிச்சுக் காட்டற டேக்கைப் பத்தி டோல்காரங்க உடனே மேல தெரிவிக்கணும், அதைக் கறுப்புப் பட்டியல்ல போடணும்னு 2025 ஜூலையில ஆணையம் உத்தரவு போட்டிருக்கு. அது போக, டேக் ஒரு வண்டி எண்ணுக்குக் கட்டின டேக். லேன் கேமரா எடுக்கற நம்பர் பிளேட் படத்துல வேற எண் இருக்கும்.

ஈரோடு லோடு · 11 டிசம்பர், இரவு 10.30

வேற ஒரு விசயம். அடுத்தவன் டோலை நான் கட்டின கதை.

நாமக்கல் பக்கம் ஒரு டோல். முன்னாடி ஒரு வேன். அவன் கேட் தூக்கல. நான் பின்னாடி ஒட்டிக்கிட்டு நின்னேன், ரெண்டடி கூட இடைவெளி இல்ல. திடீர்னு கேட் தூக்குச்சு, வேன்காரன் போயிட்டான். என் முறை வந்தா எனக்குத் தூக்கல. பூத்ல "உங்க டேக்ல இப்பத்தான் எடுத்தாச்சுங்க, வண்டி போயிருச்சுன்னு காட்டுது"ங்கறான். போயிருச்சாம்! நான் அங்கயே நிக்கறேன்! என் டேக் பணத்துல வேன் போயிருக்கு. லாரிக் கட்டணம் வேற.

பூத் பையன் நல்லவன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு கேமராவுல பாத்துட்டு என்னைய விட்டுட்டாங்க. விடலைன்னா ரெண்டு தடவை கட்டியிருக்கோணும்.

லேன்மேன் · 12 டிசம்பர், காலை 7.05

தினம் நடக்கற விஷயம் அண்ணே. முன் வண்டி டேக் பேசாம இருக்கு, ரீடர் தேடிக்கிட்டே இருக்கு. பின் வண்டி ஒட்டி வந்தா அதோட டேக் ரீடர் எல்லைக்குள்ள வந்துடும். ரீடருக்கு அது எந்த வண்டின்னு தெரியாது, லேன்ல முதல்ல நிக்கற வண்டியோடதுன்னு எடுத்துக்கும். அதனால முன்னாடி ஒரு வண்டி நின்னுட்டா நீங்க ஒரு கார் நீளமாவது விட்டு நில்லுங்க. நடுவுல ஒருத்தன் மூக்கை நுழைப்பான்தான். நுழையட்டும், காசு அவனோடது போகும்.

நடந்து போச்சுன்னா, டேக் கொடுத்த வங்கியில தகராறு பதிவு பண்ணணும், டோல்ல இல்ல. அந்தப் பரிவர்த்தனையோட லேன் கேமரா எடுத்த படமும் இருக்கும். படத்துல வேன், டேக்ல லாரி. பாத்ததும் தெரிஞ்சிடும்.

பாலாறு பாலா · 14 டிசம்பர், மாலை 6.40

என் கதையில புதுத் திருப்பம். இன்னைக்கு டேக் ஸ்டேட்மெண்ட் இறக்கிப் பாத்தேன். 6ஆம் தேதி, அதே டோல், நான் யுபிஐ கட்டினதுக்கு அடுத்த நிமிஷம், 80 ரூபாய் பிடிச்சிருக்கு! எஸ்எம்எஸ் வரவே இல்ல. 100ம் போச்சு, 80ம் போச்சு. "உன் டேக் வேலை செய்யல"ன்னு காசு வாங்கினவங்க அதே டேக்ல பணம் எடுத்திருக்காங்க.

ஓய்வு கணக்கர் · 14 டிசம்பர், இரவு 7.30

இதைவிடச் சிறந்த சாட்சியம் தேவையில்லை. டேக் இயங்கும் நிலையில் இருந்தது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 2018 விதிப்படி முழு 180 ரூபாயும் திரும்ப வர வேண்டும்.

லேன்மேன் · 14 டிசம்பர், இரவு 9.15

கேட்டைத் தூக்கி விட்டதும் வண்டி நகரும்போது கோணம் மாறியிருக்கும், ரீடர் அப்பப் படிச்சிருக்கும். பூத் பையன் ஏற்கெனவே உங்க வண்டியை யுபிஐ கணக்குல போட்டுட்டான். டேக் பரிவர்த்தனை தனியா மேல போயிருச்சு. யாரும் வேணும்னு செஞ்சதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ரெண்டு தடவை எடுத்தது உறுதி.

கணக்கர் சார், 180ம் வராது. டேக் படிச்சு 80 எடுத்த பிறகு "டோல் கருவியால எடுக்க முடியல"ன்னு சொல்ல முடியாது. அந்த 80 நியாயமான கட்டணம். தப்பா வாங்கினது 100. அதைத்தான் கேக்கணும்.

சிக்கல் எங்கன்னா, பாலா வங்கியில தகராறு போட்டா வங்கி கை நீட்ட முடியறது அந்த 80ஐ மட்டும்தான். 100 யுபிஐல டோல் கணக்குக்குப் போயிருச்சு, வங்கிக்கு அதுல வேலை இல்ல. ரெண்டுக்கும் தனித் தனி வாசல். 100ஐ 1033 புகார்லயே சேருங்க, ஸ்டேட்மெண்ட் பக்கத்தையும் யுபிஐ ரசீதையும் சேர்த்து வெச்சு.

ஓய்வு கணக்கர் · 14 டிசம்பர், இரவு 9.50

ஏற்க முடியவில்லை. வாகனம் நின்ற நேரத்தில் எடுக்க முடியவில்லை. அந்த நொடியிலேயே விதி பொருந்திவிட்டது. பிறகு படித்தது அவர்கள் பாடு.

லேன்மேன் · 14 டிசம்பர், இரவு 9.58

விதியில நொடிக் கணக்கு எதுவும் இல்ல சார். உங்க வாதத்தை நீதிபதி ஏத்துக்கலாம். 1033ல உக்காந்திருக்கறவர் ஏத்துக்க மாட்டார்.

வைகைக்கரை · 21 டிசம்பர், இரவு 8.00

திருநெல்வேலி போயிட்டு வந்தோம். எல்லா டோல்லயும் நிக்காம போச்சு. வீட்டுக்காரர் இப்ப "நான் அன்னைக்கே சொன்னேன் ஸ்டிக்கர்தான்னு"ங்கறார். சொல்லவே இல்ல.

பாலாறு பாலா · 4 ஜனவரி 2026, இரவு 9.20

நிலவரம். ரெண்டு பக்கமும் புகார் போட்டேன். வங்கி 80 ரூபாயைத் திருப்பிப் போட்டுட்டாங்க. வேற வழியா கட்டணம் செலுத்தியாச்சுன்னு டோல் ஒத்துக்கிச்சாம். 1033 புகார் "தீர்க்கப்பட்டது"ன்னு மூடியாச்சு. 80 திரும்பி வந்துட்டதால இரட்டை வசூல் இல்லையாம்.

ஆக கடைசியில நான் கட்டினது 100. டேக் வேலை செஞ்சதுன்னு அவங்க கணக்குலயே இருக்கு, ஆனாலும் டேக் வேலை செய்யாதவன் கட்டற ஒண்ணேகால் மடங்கு. 20 ரூபாய் அதிகம். மறுபடி புகார் போட்டிருக்கேன்.

ஈரோடு லோடு · 4 ஜனவரி, இரவு 10.05

20 ரூபாய்க்கா தம்பி? டோல்ல வெள்ளரிப்பிஞ்சு வாங்கினாலே அதுக்கு மேல ஆகும்.

லேன்மேன் · 5 ஜனவரி, காலை 6.45

இதுல எனக்கே ஒரு பக்கம் சாய முடியல. முதல்ல 80ஐ வங்கியில கேக்காம 100ஐ மட்டும் கேட்டிருந்தா 80 நின்னிருக்கும், 100 வந்திருக்கலாம். அது ஒரு ஊகம்தான். ரெண்டு வாசல்லயும் ஒரே நேரத்துல தட்டினா சுலபமா திறக்கற வாசல் திறந்து, மத்தது மூடிக்குது. மறுபுகார்ல "80ஐத் திரும்ப எடுத்துக்கங்க, 100ஐக் கொடுங்க"ன்னு எழுதிப் பாருங்க. அப்படி ஒரு கட்டம் அவங்க படிவத்துல இருக்கான்னு பாப்போம்.

ஓய்வு கணக்கர் · 5 ஜனவரி, காலை 8.10

பாலா, வரைவை இங்கே போடுங்கள், நான் திருத்தித் தருகிறேன். 180 என்றே எழுதுங்கள்.

லேன்மேன் · 5 ஜனவரி, காலை 8.12

100ன்னு எழுதுங்க.